முதல் மாதம் துண்டு துவைக்கணும்

எங்கள் தெருமுனையில் பியூட்டி பார்லர் நடத்தும் அக்கா சென்ற மாதம் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். ‘ஜூனியர் பியூட்டிஷியன் தேவை. நல்ல தோற்றம் அவசியம். அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. சம்பளம் நேரில்.’ ஒரு வருஷமாகக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த விளம்பரம் அது. அதைப் பார்த்து நான்கு பெண்கள் வந்தார்கள். ஒருத்திகூட இரண்டு மாதம் தாண்டவில்லை. “கொஞ்சம் நல்லா எழுதிக் குடும்மா” என்றார்.

எழுதுவதற்கு முன்னால், நான்கு பேரும் ஏன் போனார்கள் என்று கேட்டேன். ஒருத்தி மணப்பெண் மேக்கப் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வந்தவள். வாரக்கணக்கில் துண்டு துவைத்து, சீப்பு கழுவியதும் நின்றுவிட்டாள். இன்னொருத்தியின் வீட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு என்பதே தெரியாது. மூன்றாமவளுக்கு நாளெல்லாம் ஷாம்பு தண்ணீரில் கை ஊறி விரலிடுக்கு வெடித்துவிட்டது. நான்காவது பெண்ணை இரண்டாம் வாரமே ஐப்ரோ எடுக்க விட்டிருக்கிறார்கள். நூல் தோலைக் கவ்வி, வந்த அம்மாவுக்கு இமைக்கு மேலே கீறிவிட்டது. அழுதுகொண்டே போனவள் திரும்பவில்லை.

முதல் மூன்று பேருக்கும் விளம்பரத்திலேயே பதில் சொல்லியிருக்கலாம். நான்காவது பெண்ணின் கதைதான் என்னை உறுத்தியது. அவள் மேல் தப்பே இல்லை.

த்ரெட்டிங் பார்க்க எளிது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, நடுவில் முறுக்கி, இரண்டு கையாலும் விரித்துச் சுருக்கினால் முறுக்கு ஓடி முடியைப் பிடுங்கும். தோல் இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்தால்தான் அது முடியை மட்டும் பிடிக்கும். படுத்திருப்பவர் விரலைத் தளர்த்திவிட்டால் தோலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பழகாத கைக்கு அது தளர்ந்ததே தெரியாது. அதனால் பழகுகிற பெண் முதலில் தன் கால் முடியில் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் கூட வேலை செய்பவர்களின் கையில், புருவத்தில். வாடிக்கையாளர் முகம் அதற்கும் பிறகு.

இந்த வரிசையையே விளம்பரமாக்கினோம்.

‘பியூட்டி பார்லருக்குப் பழகுநர் தேவை. 18 வயது நிறைந்த பெண்கள். அனுபவம் வேண்டாம், நாங்கள் கற்றுத்தருகிறோம். முதல் மாதம்: துண்டு, சீப்பு, கருவிகள் சுத்தம் செய்தல், தலை அலசுதல், பேக் கலக்குதல். இரண்டாம் மாதம்: த்ரெட்டிங், கைக்கு வாக்சிங், எங்கள் ஆட்களிடமே பழகலாம். மூன்றாம் மாதம்: சீனியர் பக்கத்தில் இருக்க, வாடிக்கையாளர்களுக்கு. ப்ளீச், ஹேர் கலர், மணப்பெண் மேக்கப் முதல் வருடம் கிடையாது. பழகும்போது மாதம் 8,000 ரூபாய், நான்காம் மாதத்திலிருந்து 11,000. காலை 10 முதல் மாலை 7 வரை. செவ்வாய் விடுமுறை. ஞாயிறும் முகூர்த்த நாளும் கட்டாயம் வரவேண்டும். கையுறை தருவோம், கையில் அடிக்கடி அரிப்பு, வெடிப்பு வருகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்பணம் கேட்க மாட்டோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்க மாட்டோம். வேலை நிற்கும் நேரத்தில் உட்கார நாற்காலி உண்டு.’

அக்கா இரண்டு இடத்தில் தயங்கினார். ஒன்று சம்பளம். தொகையைப் போட்டால் பக்கத்துப் பார்லர்காரர் ஐந்நூறு கூட்டிக் கொடுப்பார் என்ற பயம். ஆனால் ‘நேரில்’ என்று போட்டால், பஸ் காசு செலவழித்து வந்து கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் அப்பா அம்மா முதலில் கேட்பதும் அதைத்தானே. ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று நாற்காலி. “இதையெல்லாம் விளம்பரத்திலயா போடுவாங்க?” என்றார். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. முதலாளி கொடுத்தாக வேண்டியதைத்தான் எழுதுகிறோம். ஒன்பது மணி நேரமும் நிற்க வேண்டுமோ என்று யோசிக்கிற பெண்ணுக்கு அந்த ஒரு வரி போதும். ‘நல்ல தோற்றம்’ என்பதை நான் அடித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்பாக இருக்கிறோமே என்று எத்தனை பெண்கள் அந்த வரியோடு திரும்பிப் போனார்களோ.

ப்ளீச், கலர் கிடையாது என்ற வரியை மட்டும் எடுத்துவிடக் கூடாது என்று அவரே பிடிவாதமாக இருந்தார். ஹேர் டையைத் தலையில் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். சிலருக்குத் தோல் சிவந்து முகமே வீங்கிவிடும். அவசரத்தில் வருகிற வாடிக்கையாளரிடம் “இன்னிக்கு வேண்டாம்மா, டெஸ்ட் பண்ணிட்டு வாங்க” என்று சொல்லப் புதிய பெண்ணுக்குத் துணிச்சல் வராது. அந்தத் துணிச்சல் வருகிறவரை அவள் கையில் பிரஷ்ஷைக் கொடுக்கக் கூடாது என்பது அக்காவின் கணக்கு. இரண்டாம் வாரத்தில் அந்தப் பெண்ணிடம் நூலைக் கொடுத்ததை நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

புதுத் தாள் ஒட்டி மூன்றாம் நாள் ஒரு அம்மா போன் செய்தார். மகள் பிளஸ் டூ முடித்தவள். சம்பளம், ஞாயிறு எதைப் பற்றியும் கேட்கவில்லை, எல்லாம் படித்துவிட்டாராம். “முகூர்த்தத்துக்கு விடியக்காலை ரெண்டு மணிக்கெல்லாம் போவீங்களாமே, எம்பொண்ண யாரு கூட்டிட்டுப் போவா?” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அது தாளில் இல்லை. அன்று சாயங்காலமே பேனாவால் கீழே எழுதிச் சேர்த்தோம்: ‘பழகும் காலத்தில் இரவு வேலை இல்லை. அதற்குப் பிறகு முகூர்த்த வேலைக்கு வீட்டிலிருந்து அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவிடுவது எங்கள் பொறுப்பு.’