கிழமை மாறிய பத்திரிகை

கல்யாணப் பத்திரிகை தயாரிப்பது இப்போதெல்லாம் அரை மணி நேர வேலையாம். போன வாரம் ஒரு நிச்சயதார்த்த விருந்தில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். "கேன்வா இருக்கு சார், காசே இல்லை. நாலு தட்டு தட்டினா டிசைன் ரெடி. வாட்ஸப்புல பிரஸ்ஸுக்கு அனுப்பினா கார்டு வீட்டுக்கு வந்துடும். வீட்டுல இருக்கிற பொண்ணுங்க இதையே தொழிலா பண்ணலாம்." பாயசம் வந்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் அப்படித்தான் ஆரம்பித்தாள். பி.காம். முடித்தவள், கை சுத்தம், கண்ணுக்கு நல்ல ரசனை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அச்சகத்தோடு பேசிக்கொண்டாள். அவள் டிசைன் செய்து ஆர்டர் பிடித்துத் தருவாள். கார்டு ஒன்றுக்கு 2 ரூபாய் அச்சக முதலாளி அவளுக்குத் தருவார். முதல் பெரிய ஆர்டர் 400 கார்டு. அச்சுக் கூலியோடு ஒரு கார்டு 14 ரூபாய். பெண் வீட்டார் கொடுத்தது 5,600, அதில் இவளுக்கு 800.

அவள் வரைந்ததைப் பார்த்தேன். மயில் தோகையில் நீலம் பச்சையாகி, பச்சை பொன்னாகிக் கரைகிறது. அதன் மேல் மெல்லிய பொன் எழுத்து. போன் திரையில் அற்புதம். அதைப் படமாக வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். நாலு நாளில் 400 கார்டும் வந்தன. சந்தன நிற அட்டையில் சிவப்பு எழுத்து. மயில் இல்லை. அதைக்கூடப் பொறுத்திருக்கலாம். முகூர்த்தத் தேதி சரி. ஆனால் வியாழக்கிழமை என்று இருக்க வேண்டிய இடத்தில் புதன்கிழமை என்று இருந்தது. தேதியைப் பார்ப்பவர் ஒரு நாளும் கிழமையைப் பார்ப்பவர் ஒரு நாளும் வருவார்கள்.

எப்படி நடந்தது என்று நானே அச்சகத்துக்குப் போய் விசாரித்தேன். குமாஸ்தா புத்தி, காகிதம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போனது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

நம் ஊரில் பெரும்பாலான கல்யாணக் கார்டுகள் முழுதாக உள்ளூரில் அடிக்கப்படுவதில்லை. பிள்ளையாரும் பூவேலையும் பொன் தாளும் ஒட்டிய வெற்றுக் கார்டு சிவகாசி போன்ற இடங்களிலிருந்து கட்டுக்கட்டாக வருகிறது. உள்ளூர் அச்சகத்தில் அதன் ஆல்பம் இருக்கும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், வாசகத்தை மட்டும் ஒரு நிறத்திலோ இரண்டு நிறத்திலோ ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடிப்பார்கள். அதற்குத் துணி போன்ற ஒரு சல்லடை. எழுத்து இருக்கும் இடத்தில் மை இறங்கும், மற்ற இடம் அடைபட்டிருக்கும். இறங்கும் அல்லது இறங்காது, அவ்வளவுதான். நீலம் மெல்லப் பச்சையாகும் சமாசாரத்துக்கு அங்கே இடமில்லை. வெளிறிய சாயல் வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாக உடைத்துத்தான் காட்ட முடியும். சொரசொரப்பான கார்டில் அந்தப் புள்ளிகள் அசிங்கமாக விழும்.

ஆகவே அந்தப் பெண்ணின் மயில் படம் வந்தபோது ஆபரேட்டருக்கு அது ஒரு கைக்குறிப்புக்குச் சமம். அவர் என்ன செய்தார்? முந்தைய கல்யாணத்தின் ஃபைலைத் திறந்து, அதன் மேலேயே இந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்தார். எல்லா அச்சகத்திலும் நடப்பதுதான். மாப்பிள்ளை மாறினார், மண்டபம் மாறியது, தேதி மாறியது. கிழமை மட்டும் முந்தைய கல்யாணத்துடையது அப்படியே நின்றுவிட்டது. யாரும் காகிதத்தில் எடுத்துப் படிக்கவில்லை.

சிறு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார் முதலாளி. மங்கல காரியத்துக்கு ஒட்டுப்போட்ட பத்திரிகையா என்று பெண் வீட்டார் கொதித்தார்கள். கடைசியில் அச்சுக் கூலி அவருடையது, வெற்றுக் கார்டு அந்தப் பெண்ணுடையது என்று முடிவானது. கார்டு 8 ரூபாய் வீதம் 3,200. வரவு 800, செலவு 3,200. இதுதான் அந்த இலவச டிசைனின் கணக்கு.

தவறு ஆபரேட்டருடையதுதானே, நீ ஏனம்மா கொடுத்தாய் என்று கேட்டேன். "அவர்கிட்ட கமிஷன் வாங்கிட்டு எப்படித் தாத்தா சண்டை போடறது?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். பெண் வீட்டார் அவளைத் தங்கள் ஆள் என்று நினைத்திருந்தார்கள். சம்பளம் கொடுத்ததோ அச்சகம். வாடிக்கையாளருக்காகத் தப்பைப் பார்க்க வேண்டிய கண், அச்சகத்தின் பணத்தில் இருந்தது. சர்க்கார் ஆபீசில் ஒப்பந்தக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு பில்லைச் சரிபார்ப்பவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோமோ, கார்டு உலகில் அதற்குப் பெயர் டை-அப்.

அடுத்த ஆர்டரில் நான் கூட இருந்தேன். கேட்காத இடத்தில் மூக்கை நுழைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை கணினியைத் திறப்பதற்கு முன்பே ஆல்பத்தைப் பார்க்கப் போனோம். கார்டைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு வெற்றுக் கார்டை வாங்கி வந்து ஸ்கேலால் அளந்தாள். வாசகம் வரும் பக்கம் 127 மில்லிமீட்டர் அகலம், 178 உயரம். சுற்றிலும் 10 மில்லிமீட்டர் தொடக்கூடாது என்று முதலாளி சொன்னார். கார்டை வைக்கும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்து ஓரத்தில் முட்டாமல் இருக்க. ஆக எழுத்துக்குக் கிடைத்த இடம் 107-க்கு 158. அந்த இடத்துக்குள்தான் இங்க்ஸ்கேப்பில் எழுத்தை அடுக்கினாள். அதுவும் இலவச மென்பொருள்தான். ஸ்கிரீன் பிரிண்டிங் வேலைக்கு கேன்வாவைவிட இது ஏற்றது. இதில் எழுத்து புள்ளிப் படமாக இல்லாமல் கோடாகவே இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறாது.

சிவப்பு, பச்சை என்று இரண்டு நிறம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லேயர். ஆனால் இரண்டையுமே சுத்தக் கறுப்பில்தான் வைக்க வேண்டும். சல்லடை எடுப்பதற்கு டிரேசிங் பேப்பரில் விழும் கறுப்பு அழுத்தமாக இருந்தால் போதும், நிறத்தைத் தீர்மானிப்பது மை. சாம்பல் நிறத்தில் வைத்தால் லேசர் பிரிண்டர் அதைப் புள்ளிகளாக்கிவிடும். இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் மூலைக்கு ஒரு கூட்டல் குறி போட்டாள், ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பொருத்திப் பார்க்க.

எழுத்துரு விஷயத்தில் பழைய ஆசை இன்னும் இருந்தது, மெல்லியதாகவே தேடினாள். மெல்லிய கோடு சல்லடையில் அறுந்துபோகும். அதற்கு நேர்மாறாக, தடித்த எழுத்தைச் சின்னதாக வைத்தால் 'ஐ', 'ணை', 'ஜ' ஆகியவற்றின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். Noto Serif Tamil எழுத்துருவில் நடுத்தரத் தடிமனில், 12 புள்ளிக்குக் குறையாமல் வைத்த பிறகு சரியாக வந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் குடும்பம் பிரான்சில் இருப்பதால் நாலு வரி பிரெஞ்சும் உண்டு. அலங்காரமான ஓர் எழுத்துருவைப் போட்டதும் é, ç இருந்த இடமெல்லாம் வேறு உருவில் துருத்திக்கொண்டு நின்றது. பிரெஞ்சுப் பள்ளியில் மூக்கணாங்கயிறு போல அந்த அக்ஸான் குறிகளால் கட்டப்பட்டு வளர்ந்தவன் நான். பிரெஞ்சு வரிக்கு வேறு எழுத்துரு போட வைத்தேன்.

அடுத்தது முக்கியம். அச்சகக் கணினியில் இருப்பது பெரும்பாலும் பழைய தமிழ் எழுத்துருக்கள். நம் யூனிகோடு எழுத்தை அங்கே கோரல்டிராவில் திறந்தால் கொம்பு தாவிவிடலாம். 'பெரியோர்' என்பது 'பரெியோர்' ஆகிவிடும், அல்லது கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Path > Object to Path கொடுத்து, எழுத்துகளைக் கோட்டோவியமாக மாற்றி பி.டி.எஃப். எடுத்தாள். இனி அதில் யாரும் தட்டச்சு செய்ய முடியாது. அது குறையல்ல, அதுதான் வேண்டியது. திருத்துவதற்கு மாற்றாத பிரதி ஒன்று அவளிடம் தனியாக இருந்தது. பி.டி.எஃப்.பை வாட்ஸப்பில் படமாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பினாள். படமாக அனுப்பினால் அது சுருக்கித் தள்ளிவிடும்.

பிறகு காகிதத்தில் எடுத்தோம். முதல் பிரதி 127-க்கு 123 தான் இருந்தது. பிரிண்டர் 'Fit' என்ற தேர்வில் இருந்ததால் பக்கத்தைச் சுருக்கிவிட்டது. 'Actual size' மாற்றியதும் சரியானது. ஸ்கேல் வைக்காமல் இருந்திருந்தால் கார்டு வரும்வரை தெரிந்திருக்காது.

அந்தத் தாளைப் பெண் வீட்டுக்கு எடுத்துப் போனோம். நான் வேலையில் இருந்த காலத்தில் பிரெஞ்சு படித்த மூத்த அதிகாரிகள் அச்சுக்குப் போகும் புரூஃபின் கீழே 'போன் ஆ திரே' என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். அச்சிடலாம் என்று பொருள். அந்த மூன்று சொல்லுக்குப் பிறகு தவறு வந்தால் எழுதியவர் பொறுப்பு. புரூஃபில் இல்லாத தவறு கார்டில் வந்தால் அச்சகம் பொறுப்பு. பெண்ணின் அப்பா உரக்கப் படித்தார், சித்தப்பா நாள்காட்டியைப் புரட்டி தேதியையும் கிழமையையும் சேர்த்துப் பார்த்தார். அத்தையின் இனிஷியல் தப்பு என்று அங்கேதான் தெரிந்தது. திருத்திய தாள் இரண்டில் கையெழுத்து வாங்கினோம். ஒன்று அச்சகத்துக்கு, ஒன்று இவளுக்கு.

பணத்தையும் மாற்றினோம். டிசைனுக்கு 1,500 ரூபாய் பெண் வீட்டார் நேராக இவளுக்கு. கமிஷன் போனதால் அச்சகம் கார்டை 12 ரூபாய்க்குப் போட்டு அவர்களிடமே பில் கொடுத்தது. 400 கார்டு, 4,800. மொத்தம் 6,300. முன்பைவிட 700 ரூபாய் கூடுதல்தான், மறைக்கவில்லை. "கமிஷன் இல்லேன்னா பாப்பா வேற பிரஸ்ஸுக்குப் போயிடுமே ஐயா" என்று முதலாளி தயங்கினார். உங்கள் வேலை சுத்தமாக இருந்தால் ஏன் போகிறாள் என்றேன். இரண்டாவது முறை அடிக்க வேண்டிய கூலி போன தடவை அவர் கையிலிருந்தும் போயிருந்ததால் ஒப்புக்கொண்டார்.

கேன்வாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 50 பேருக்குக் காதுகுத்து, டிஜிட்டல் பிரஸ்ஸில் முழு வண்ணத்தில் அடிக்கிறீர்கள் என்றால் அது போதும். 'PDF Print' எடுத்து, 'Crop marks and bleed' டிக் செய்து கொடுங்கள். பின்னணி நிறம் வெட்டும் கோட்டைத் தாண்டி நீளவில்லை என்றால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். அச்சுக்குரிய நான்கு மை நிறமுறை காசு கட்டியவர்களுக்குத்தான் என்பதால், திரையில் மின்னும் கிளிப்பச்சை தாளில் மங்கும். ஒரே ஒரு கார்டை அடித்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. உறையைப் பிரித்ததும் முதலில் பார்த்தது கிழமையை.