மொட்டை மாடிக்கு ஒரு வெள்ளைப் பூச்சு

"அத்தை, அடுத்த வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நான் பேச வேண்டும். 'ஊரில் வெப்பம் ஏறுகிறது. மாணவர்கள் என்ன செய்யலாம்?' என்பது தலைப்பு. எழுதிக் கொடுங்களேன்!" என்று வந்து நின்றாள் என் அண்ணன் மகள்.

சென்னையில் ஆறாவது படிக்கிறாள். வகுப்பு, மொட்டை மாடிக்கு நேர் கீழே. மத்தியானமானால் பாதிப் பேருக்குத் தலைவலியாம்.

"அதையே பேசேன்! ஆனால் முதலில் அளந்துவிட்டுப் பேசு" என்றேன்.

சுவரில் மாட்டும் தர்மாமீட்டர் இரண்டு வாங்கினோம். அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டோம். ஒன்று அவள் வகுப்புக்கு, மற்றது கீழ்த்தளத்து வகுப்புக்கு.

முதல் நாள் 43 டிகிரி என்று அலறிக்கொண்டு வந்தாள். விசாரித்தால், ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் மாட்டியிருக்கிறாள்! அது தர்மாமீட்டர் வெயில் காய்ந்த சூடு. அறைக் காற்றின் சூடு அல்ல. மறுநாள் நிழலில், உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில் மாட்டினாள். தினமும் இரண்டரை மணிக்குக் குறித்தாள். மேலே 37, கீழே 34. நான்கு நாளும் ஏறக்குறைய அதே மூன்று டிகிரி வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை அவள் பேசியது இவ்வளவுதான்:

"இந்த மூன்று டிகிரியும் எங்கள் தலைக்கு மேலுள்ள தளத்திலிருந்து வருகிறது. கறுத்துப்போன சிமெண்டுத் தளம் காலை முதல் வெயிலைக் குடித்துவிட்டு, மத்தியானம் எங்கள் மேல் கொட்டுகிறது. வெள்ளைத் தளம் வெயிலில் பெரும்பகுதியை வானத்துக்கே திருப்பிவிடும். 2010 மே மாத வெயிலில் பலரைப் பறிகொடுத்த ஆமதாபாத், 2013-ல் வெயிலைச் சமாளிக்கத் திட்டம் போட்டது. பிறகு ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளையும் அடித்தது. நமது தளத்தில் பாதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள். தளத்தை நாங்கள் பெருக்கித் தருகிறோம், அளந்தும் சொல்கிறோம்."

'பாதிக்கு மட்டும்' என்ற வார்த்தைதான் தலைமை ஆசிரியைக்குப் பிடித்துப் போயிற்று. செலவும் பாதி, பலித்ததா என்பதும் தெரிந்துவிடும்!

தளத்தை நனைத்து, சுண்ணாம்பில் பசை கலந்து, இரண்டு பூச்சுப் பூசினார் கொத்தனார். நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும்; கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆகவே குழந்தைகளைக் கிட்டே விடவில்லை.

ஒரு வாரம் கழித்து, வெள்ளைக்குக் கீழுள்ள வகுப்பில் 35. அடுத்த வகுப்பில் அதே 37.

இதனால் தெருவின் சூடு குறையாது, கீழ்த்தளத்துக்கும் லாபமில்லை. தூசி படிந்தால் பலன் குறையும். ஐப்பசி மழை கரைத்துவிடும். ஒவ்வொரு மாசியிலும் மறுபடி அடிக்க வேண்டும்.

"மற்றப் பாதிக்கு எப்போது?" என்று அடுத்த வகுப்புக் குழந்தைகள் இப்போது தலைமை ஆசிரியையைத் துளைத்தெடுக்கிறார்களாம்!