அருவிக்கு எண்ணெய், கைக்கு?

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசியில் சளியும் காய்ச்சலும் தொடங்கிவிடுகின்றன. கை கழுவத்தான் வேண்டும். ஆனால் என் தெருமுனை இட்லிக் கடை அக்காவின் கைகளைப் பாருங்கள்: விரல் மடிப்புகளில் மெல்லிய சிவப்புக் கோடுகளாக வெடிப்பு, சட்னி பட்டாலே எரிகிறது. எரிவதால் கழுவுவதையே குறைத்துவிட்டார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சோப்பு அழுக்கோடு தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் கொண்டுபோய்விடுகிறது. அவர் பாத்திரம் துலக்கும் சோப்பிலேயே கையையும் கழுவுகிறார், வெந்நீர் வேறு. இரண்டுமே தோலை இன்னும் வறட்டும். சாதாரண நீரில், மென்மையான குளியல் சோப்பால் 20 வினாடி தேய்த்தால் போதும். விரலிடுக்கிலும் மோதிரத்தடியிலும் சோப்பு தங்காமல் அலசி, துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் வாசனையில்லாத களிம்பு தடவ வேண்டும். இரவில் வாஸ்லினைக் கனமாகப் பூசிப் பருத்திக் கையுறை போட்டுத் தூங்கலாம். பாத்திரம் துலக்கும்போது ரப்பர் கையுறை அவசியம். அரிப்பும் நீர்க்கொப்புளமும் வந்தாலோ, சீழ் வைத்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அருவிக்குப் போகுமுன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்க்கும் ஊர் இது. தினமும் பலமுறை நனையும் கைக்கும் அந்தக் கவனிப்பு வேண்டும். தொழிலாளிக்குச் சோப்பு வாங்கித் தரும் கடைக்காரர்கள், பக்கத்தில் ஒரு களிம்பு டப்பாவையும் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.