குற்றம் என்னவென்று தெரியாமல் விசாரணைக்குப் போகலாமா?

கடந்த வருடம் ஒரு நாள் மாலை என் சாச்சாவின் மகன் ஒரு கடிதத்துடன் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு வர்த்தக நிலையத்தில் ஆறு வருடங்களாகக் காசாளர். "நிறுவனத்தின் நம்பிக்கைக்குப் பங்கம் விளைவித்தமை தொடர்பில் நாளை காலை 10 மணிக்கு விசாரணைக்குச் சமுகமளிக்கவும்." கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது.

"நானா, மன்னிப்புக் கடிதம் ஒன்றைக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று முகாமையாளர் சொல்கிறார்" என்றார். எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை.

அரசாங்க ஊழியர் என்றால் நிலைமை வேறு. தாபன விதிக் கோவையின் இரண்டாம் தொகுதிப்படி, பாரதூரமான குற்றச்சாட்டு என்றால் எழுத்திலான குற்றப்பத்திரிகை, ஆவணங்கள் மற்றும் சாட்சிகளின் பட்டியல், முறையான விசாரணை என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. தனக்காக வாதாட ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். தனியார் துறையில் உள்ளக விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. கூட்டு ஒப்பந்தம் உள்ள இடங்களில் அந்த ஒப்பந்தம்தான் வழிகாட்டி. ஏனைய இடங்களில் எல்லாம் நிறுவனத்தின் வழக்கத்தைப் பொறுத்தது.

"பணிநீக்கினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம்தானே, இந்த விசாரணையை ஏன் பெரிதுபடுத்த வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். போகலாம்தான். பணிநீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சபை விடயத்தைப் புதிதாகவே விசாரிக்கும். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு தொழில்தருநருடையது. ஆனால் அந்த அறையில் பதற்றத்தில் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் பின்னர் சபையில் ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டப்படும். இராஜினாமாக் கடிதத்தில் கையொப்பமிட்டால் இன்னும் மோசம். "நாங்கள் நீக்கவில்லை, அவரே விலகினார்" என்று நிறுவனம் சொல்லும். தன்னை நீக்கினார்கள் என்பதை நிரூபிக்கும் சுமை அப்போது ஊழியரின் தலையில் விழும்.

ஆகவே அன்றிரவே ஒரு பதில் கடிதம் எழுதினோம். விசாரணைக்கு வர மறுக்கவில்லை. குற்றச்சாட்டு எந்தத் திகதி, எந்தப் பற்றுச்சீட்டு, எவ்வளவு தொகை பற்றியது என்று கேட்டோம். அதற்கான பதிவுகளைப் பார்க்கவும் பதில் தயாரிக்கவும் சில நாட்கள் கேட்டோம். உடன் ஒருவரை அழைத்துவர அனுமதி கோரினோம். காலையில் கையளித்து, பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கினார்.

இரண்டு நாட்களில் புதிய கடிதம் வந்தது. ஒரே நாளில் மூன்று பற்றுச்சீட்டுகள் இரத்துச் செய்யப்பட்டுள்ளன, மொத்தம் 18,400 ரூபாய். "நம்பிக்கைக்குப் பங்கம்" என்ற சொல்லுக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. மூன்று பற்றுச்சீட்டுக்குப் பதில் சொல்லலாம். பதிவைப் பார்த்தபோது, இரண்டை மேற்பார்வையாளரே தனது கடவுச்சொல்லைப் போட்டு இரத்துச் செய்திருந்தார்.

உடன் வருபவர் விடயத்தில், உறவினரான என்னை மறுத்தார்கள். சக ஊழியர் ஒருவரை ஏற்றுக்கொண்டார்கள். நமது சட்டம் இதில் மௌனமாக இருப்பதால் நாங்களும் வற்புறுத்தவில்லை. பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டம் இந்த உரிமையை எழுத்திலேயே கொடுக்கிறது. அங்கும் பொதுவாக சக ஊழியரோ தொழிற்சங்கப் பிரதிநிதியோதான் வரலாம். அவர் ஊழியரின் தரப்பை முன்வைக்கலாம், இறுதியில் தொகுத்துச் சொல்லலாம், இடையில் ஊழியரோடு கலந்து பேசலாம். ஊழியரிடம் கேட்கப்படும் கேள்விக்கு அவருக்குப் பதிலாகப் பதில் சொல்ல மட்டும் முடியாது. நல்ல எல்லைக்கோடு அது.

நம்மவருடன் போனவர் அதிகம் பேசவில்லை. கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் எழுதிக்கொண்டார். முறைப்பாடு செய்த மேற்பார்வையாளரே விசாரிப்பவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்ததையும் குறித்தார். முடிவில் நிறுவனத்தின் அறிக்கையில் மேற்பார்வையாளரின் கடவுச்சொல் பற்றிய பதில் விடுபட்டிருந்தது. அந்தக் குறிப்பைக் காட்டித்தான் அதைச் சேர்க்க வைத்தார், அதன் பிறகே கையொப்பமிட்டார்.

இரண்டு குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. மூன்றாவதில் தவறு அவருடையதுதான். வாடிக்கையாளரின் கையொப்பமின்றி இரத்துச் செய்திருந்தார். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். கவனயீனத்துக்கு எச்சரிக்கை சரி. முதல் நாள் சொன்னபடி மன்னிப்புக் கடிதம் கொடுத்திருந்தால், அதே கவனயீனம் 18,400 ரூபாய்த் திருட்டாக அவரது கையெழுத்திலேயே பதிவாகியிருக்கும்.

நம் இளைஞர்களில் அநேகர் தொழிற்சங்கம் இல்லாத கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறார்கள். முதலாளிமாரும் நம்மில் பலர் இருக்கிறோம். குற்றச்சாட்டைத் திகதியோடும் தொகையோடும் எழுதிக் கொடுக்க ஒரு தாள் போதும். அதைக் கொடுக்க முடியாத முதலாளி, தன்னிடம் குற்றச்சாட்டு இருக்கிறதா என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.