வாய் வாசித்தது, மனம் வாசித்ததா?

வன்னியின் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரம் வரை தமிழிலேயே பயின்ற மாணவர் பலர், பின்னர் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டியவராகின்றனர். 2021 ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும் இதுவே நிலை. ஆதலின் பெற்றோர் பிள்ளையிடம் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்து, “உரத்து வாசி, பார்ப்போம்” என்கின்றனர். தடங்கலின்றி வாசித்துவிட்டால் மகிழ்கின்றனர். அவ்வாசிப்பு எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டவில்லை என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணி இரு மொழிகளையும் ஒப்பிடுவோர் ஏமாறுவர். ‘குளத்திலிருந்து வாய்க்கால் வழியாக வயல்களுக்கு நீர் பாய்கிறது’ என்பதில் ஆறு சொற்கள் உள்ளன. இதனையே ஆங்கிலத்தில் எழுதினால் பதினொரு சொற்களாகும். நாம் வேற்றுமை உருபாக ஒட்டி எழுதும் ‘இலிருந்து’, ‘கு’ ஆகிய இரண்டும் அங்கே தனிச் சொற்கள். தமிழில் இல்லாத ‘த’ என்னும் சுட்டு மும்முறை வருகிறது. ஒரு மாணவி இவ்விரு வாக்கியங்களையும் நான்கு நான்கு செக்கனில் வாசித்தாள் என்று கொள்வோம். கணக்கின்படி தமிழில் நிமிடத்துக்கு 90 சொல், ஆங்கிலத்தில் 165! ஒரே செய்தியை ஒரே நேரத்தில் வாசித்தவள் தாய்மொழியில் மந்தமானவள் ஆகிவிடுகிறாள்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. பதினேழு மொழிகளில் உரத்து வாசித்தலை அளந்து 2012 இல் வெளியான ஆய்வொன்றில், ஆங்கிலேயர் நிமிடத்துக்கு 228 சொற்களும் பின்லாந்தியர் 161 சொற்களுமே வாசித்தனர். எழுத்துக்களை எண்ணியபோதோ ஆங்கிலேயர் 987, பின்லாந்தியர் 1078. பின்னிஷ் மொழியும் தமிழைப் போல் உருபுகளை ஒட்டிச் சொல்லை நீட்டும் மொழி.

ஆகவே சொல்லை எண்ணாது, ஒரே செய்தியை வாசித்து முடிக்க எடுக்கும் நேரத்தை அளப்பதே நேர்மை. ஆனால் ஒரே பகுதியை ஒருவரே இரு மொழியிலும் வாசித்தால் இரண்டாம் முறை பொருள் முன்பே தெரிந்திருக்கும். இதற்கு வழி எளிது. குளத்தைப் பற்றி ஒன்று, சந்தையைப் பற்றி ஒன்று என ஒத்த கடினமுடைய இரு பகுதிகளை இரு மொழியிலும் எழுதிக்கொள்க. வகுப்பில் ஒரு பாதியினர் குளத்தைத் தமிழிலும் சந்தையை ஆங்கிலத்திலும் வாசிக்கட்டும். மறு பாதியினர் மாற்றி வாசிக்கட்டும். ஒவ்வொரு பாதியிலும் சிலர் தமிழிலும் சிலர் ஆங்கிலத்திலும் தொடங்கினால், முதலில் வாசித்ததன் தயக்கம் ஒரு மொழியின் மேல் மட்டும் விழாது.

இனி விளக்கம். ஆங்கிலப் புலவர் மில்தன் பார்வை இழந்தபின், அவருடைய புதல்வியர் தமக்குப் பொருள் தெரியாத இலத்தீன், கிரேக்க நூல்களை அவருக்கு வாசித்துக் காட்டினர் என்பர். வாய் ஒன்று, பொருளுணர்வு வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் நெருங்கிய இணக்கமுள்ள சிங்களத்தில் இது மிக எளிதில் நேரும். எழுத்துக்களைக் கற்ற தமிழ்ப் பிள்ளை பொருளறியாமலே பக்கம் முழுவதையும் வாசித்துவிடலாம்.

ஆதலின் வாசிப்பு முடிந்ததும் ஐந்து வினாக்கள் கேட்க வேண்டும். வினாவும் விடையும் தமிழிலேயே இருக்கட்டும்; இல்லையேல் நாம் அளப்பது வாசிப்பையன்று, ஆங்கிலம் பேசும் துணிவையே. பகுதியை வாசிக்காத ஒருவரிடமும் அவ்வினாக்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் பொது அறிவாலேயே விடை கூறும் வினா பயனற்றது.

மேற்கூறிய மாணவி தமிழ்ப் பகுதியை 70 செக்கனில் வாசித்து ஐந்துக்கும் விடை கூறினாள். ஆங்கிலப் பகுதிக்கு 95 செக்கன் சென்றது, இரண்டுக்கே விடை வந்தது என்று வைத்துக்கொள்வோம். குறை எழுத்தை ஒலியாக்குவதிலா, மொழியறிவிலா? ஒத்த கடினமுள்ள வேறோர் ஆங்கிலப் பகுதியை ஆசிரியரே தெளிவாக வாசித்துக் காட்டி ஐந்து வினாக் கேட்கட்டும். காதால் கேட்டு நான்கைந்துக்கு விடை கூறினால், அவளுக்கு மொழி உண்டு. கண்ணுக்குத்தான் பயிற்சி வேண்டும். கேட்டும் இரண்டே கூறினால், சொல்வளமும் வாக்கிய அமைப்புமே குறை. எத்தனை முறை உரத்து வாசிக்கச் செய்தாலும் அக்குறை தீராது. கௌ, தன்மர் என்னும் அறிஞர் இருவர் 1986 இல் கூறிய கருத்தின் சாரமும் இதுவே: ஒலியாக்கும் திறனும் மொழியறிவும் ஒன்றையொன்று பெருக்கி நிற்பன, ஒன்று சூனியமாயின் விளைவும் சூனியம்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். சபை முன் உரத்து வாசிக்கும் பிள்ளையின் கவனம் உச்சரிப்பிலும் கேட்போர் முகத்திலும் சென்றுவிடும். ஆதலால் இன்னொரு பகுதியை மௌனமாக வாசிக்கச் செய்து வினவிய பின்னரே முடிவு கூறுக. விரிவுரை மண்டபத்துக்குச் செல்லும் பிள்ளை அங்கே குறிப்பேடுகளை மௌனமாகத்தானே வாசிக்கப் போகிறது!