‘பிறகு கொடுக்கலாம்’ என்பதன் விலை

கைபேசியில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தால், இப்போதெல்லாம் கண்ணில் முதலில் படுவது ‘பே லேட்டர்’. மூன்று தவணை, வட்டி இல்லை என்று எழுதியிருக்கும். பான் எண்ணும் ஆதாரும் முன்பே கொடுத்து வைத்திருந்தால் ஓர் ஓ.டி.பி. போதும், அரை நிமிடத்தில் ஆர்டர் போய்விடும். அந்த அரை நிமிடத்தில் நாம் செருப்பு மட்டும் வாங்கவில்லை, ஒரு கடனும் வாங்கியிருக்கிறோம். முறையான கடன். பான் எண்ணோடு சேர்த்துப் பதிவாகும் கடன்.

இதைக் கொடுப்பது பெரும்பாலும் அந்தச் செயலியோ கடையோ அல்ல. அவர்களுக்குப் பின்னால் ஒரு வங்கியோ வங்கிசாரா நிதி நிறுவனமோ இருக்கும். செயலியின் பெயர் நமக்குத் தெரியும்; கடன் கொடுத்தவரின் பெயரைப் பலர் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டார்கள். இந்தச் சிறிய விஷயம் எவ்வளவு பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ‘வட்டி இல்லை’ என்பதைப் பார்ப்போம்.

வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுத்தில் சொல்லிவிட்டது. வட்டி எங்கோ ஓரிடத்தில் ஒளிந்திருக்கும். சில நேரம் கடைக்காரரோ தயாரிப்பாளரோ உண்மையாகவே அதை ஏற்றுக்கொள்வார். சில நேரம் ரொக்கமாகக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காது. கூடவே ‘பிராசஸிங் ஃபீஸ்’ என்று ஒரு தொகை, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கைபேசியின் விலை 15,000 ரூபாய். மூன்று மாதத் தவணை, மாதம் 5,000. கட்டணம் 199 ரூபாய். வரியோடு 235, அதை முதலிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். அதே கைபேசியை உடனே பணம் கட்டி வாங்கினால் 500 ரூபாய் தள்ளுபடி, அதாவது 14,500. இப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கடனால் இன்று என் கையில் உண்மையில் மிஞ்சியது எவ்வளவு என்பதுதான். கொடுக்காமல் தப்பித்தது 14,500. அதில் 235 இன்றே போய்விட்டது. ஆக, கடனாகக் கிடைத்தது 14,265 ரூபாய். திருப்பிக் கட்டுவது 15,000. வித்தியாசம் 735 ரூபாய்.

‘பதினைந்தாயிரத்துக்கு எழுநூறு ரூபாய்தானே, ஐந்து சதவீதம்கூட இல்லை’ என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். 14,265 ரூபாய் முழுதாக நம்மிடம் இருந்தது முதல் மாதம் மட்டுமே. அடுத்த மாதம் ஏறக்குறைய 9,265, அதற்கடுத்த மாதம் 4,265. மூன்றையும் கூட்டினால் 27,795. அதாவது 27,795 ரூபாயை ஒரே ஒரு மாதம் வைத்திருந்ததற்குச் சமம். அதற்கு 735 ரூபாய் என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு 2.6 ரூபாய் வட்டி. ஊரில் இரண்டரை வட்டி என்றால் யோசிப்போம் அல்லவா, இது அதற்கும் சற்று மேல். ஆண்டுக்கு 31 சதவீதத்தை ஒட்டி வருகிறது. வங்கியில் நகையை வைத்தால் இதில் பாதிகூடக் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கைப் போட கால்குலேட்டரும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். ரொக்க விலையைத் தெரிந்துகொள்ளுங்கள், முதலில் பிடிக்கும் தொகையைக் கழியுங்கள், ஒவ்வொரு மாதமும் பாக்கி நிற்கும் தொகைகளைக் கூட்டுங்கள், அதிகமாகக் கட்டும் தொகையை அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். மாத வட்டி வந்துவிடும். ரொக்கத் தள்ளுபடியும் இல்லை, கட்டணமும் இல்லை என்றால் விடை பூஜ்யமாகத்தான் வரும். அப்படிப்பட்ட தவணைகளும் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

கடன் கொடுப்பவர் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற விவரத்தாளைக் கடனுக்கு முன்பே காட்டியாக வேண்டும், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியை அதில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் கைவிட்டுப்போன ரொக்கத் தள்ளுபடியை அந்தத் தாளில் எதிர்பார்க்க முடியாது. அதை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவரின் பெயர், தாமதக் கட்டணம், புகார் அதிகாரியின் எண் எல்லாம் இந்த ஆவணங்களில்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. அவசரப்பட்டு எடுத்துவிட்டோம் என்று தோன்றினால், குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அதற்குள் அசலையும் அத்தனை நாளுக்கான வட்டியையும் கட்டிவிட்டு அபராதமில்லாமல் விலகிக்கொள்ளலாம்.

இனி, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும்? இரண்டாம் மாதம் ஐந்தாம் தேதி ஆட்டோ டெபிட் வருகிறது, கணக்கில் பணம் இல்லை. திருப்பி அனுப்பியதற்கு நம் வங்கி 250 ரூபாயும் வரியும், ஆக 295 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் நிறுவனம் தன் பங்குக்கு 400 போடுகிறது. பத்து நாளில் சம்பளம் வந்து கட்டிவிட்டோம். கூடுதல் செலவு 735-லிருந்து 1,430 ஆகிவிட்டது. அதே முறையில் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி அறுபது சதவீதத்தை நெருங்கும். இடையில் நிறுவனம் இரண்டாவது முறையும் டெபிட்டுக்கு அனுப்பி அதுவும் திரும்பினால், வங்கி இன்னொரு முறை பிடிக்கும். அதனால் கணக்கில் பணம் இருக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால், தேதி வருவதற்குள் யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது போட்டுவிடுவது நல்லது.

இது வரைக்கும் நடந்தது பணத்தோடு போகும் நஷ்டம். அடுத்தது அப்படியல்ல.

பலசரக்குக் கடை அண்ணாச்சி நோட்டில் எழுதிய பாக்கி அவர் கடையோடு நின்றுவிடும். இந்தக் கடனின் பாக்கி சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் போகும். நாளை எந்த வங்கியில் கடன் கேட்டாலும் அங்கிருப்பவர் அதைத் திறந்து படிப்பார். 300 முதல் 900 வரையிலான ஸ்கோரைப் பற்றி மட்டுமே நாம் பேசுகிறோம். வங்கி அதிகாரி அதோடு நிற்பதில்லை, மாதவாரியாக இருக்கும் கட்டங்களையும் பார்ப்பார். ஒவ்வொரு கடனுக்கும் கடந்த 36 மாதங்களுக்கு ஒரு கட்டம். அதில் இருப்பது டி.பி.டி., அதாவது தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண். 000 என்றால் சரியாகக் கட்டியிருக்கிறோம். 010 என்றால் பத்து நாள் தாமதம். அந்தக் கட்டத்தில் தாமதமானது இரண்டு லட்சமா எண்ணூறு ரூபாயா என்ற வேறுபாடு கிடையாது.

முன்பெல்லாம் இந்த விவரம் மாதத்துக்கு ஒருமுறை போகும். தேதி தவறினாலும் மாதக் கடைசிக்குள் கட்டிவிட்டால் பல நேரம் பதிவாகாமல் போய்விடும். 2025 ஜனவரி முதல் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றிவிட்டது. ஐந்தாம் தேதி தவறியது பதினைந்தாம் தேதிக் கணக்கிலேயே ஏறிவிடலாம். ‘மாசக் கடைசிக்குள்ள கட்டிட்டா ஒண்ணும் ஆகாது’ என்று இன்னமும் சொல்பவர்கள் பழைய விதியைச் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி, ஐ.டி. வேலை, ஒழுங்கான பிள்ளை. 2,400 ரூபாய்க்கு ஷூ வாங்கினார், மூன்று தவணை, மாதம் 800. அளவு சரியில்லை, திருப்பி அனுப்பிவிட்டார். பணத்தைக் கடையின் வாலட்டில் வாங்கிக்கொண்டால் உடனே கிடைக்கும் என்று காட்டியது. சரி என்று அழுத்தி, அந்தப் பணத்தில் வேறு சட்டை வாங்கிவிட்டார். பொருள் போய்விட்டது, கடனும் போய்விட்டது என்று நினைத்தார். கடன் கொடுத்தவருக்கோ ஒரு பைசாவும் போகவில்லை. தவணைகள் அவருடைய பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தன, அது காலி. பாக்கி இருப்பதாக எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. கேள்விப்படாத நிதி நிறுவனத்தின் பெயரில் வந்ததால் மோசடிச் செய்தி என்று அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இரண்டு ஆண்டு கழித்து வீட்டுக்கடன் கேட்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 90 நாளைத் தாண்டியதால் வாராக்கடன் என்று பதிவாகியிருந்தது. “அண்ணே, ரெண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கா?” என்று என்னிடம் கேட்டபோது அவர் குரல் உடைந்தது. உடனே முழுத் தொகையையும் கட்டி, கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி. வாங்கினார். கணக்கு ‘குளோஸ்டு’ என்று மாறியது. ஆனால் பழைய கட்டங்கள் அப்படியே நிற்கின்றன. அவை உண்மையான தாமதங்கள், அவற்றை அழிக்க யாராலும் முடியாது. ‘பணம் கொடுங்கள், சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று வருபவர்களை நம்ப வேண்டாம்.

கடைசியில் கடன் கிடைத்தது, அரை சதவீதம் கூடுதல் வட்டியில். முப்பது லட்சம், இருபது ஆண்டு. எட்டரை சதவீதமாக இருந்திருந்தால் மாதம் 26,035. ஒன்பது சதவீதத்தில் 26,992. மாதம் 957 ரூபாய் அதிகம். கடைசிவரை இப்படியே போனால் ஏறக்குறைய 2 லட்சத்து 30 ஆயிரம். திருப்பி அனுப்பிய ஷூவின் உண்மையான விலை இது.

ஆகவே பொருளைத் திருப்பினால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். அது கடன் கொடுத்தவருக்கே போக வேண்டும். போய்ச் சேர்ந்து, கடன் முடிந்தது என்று எழுத்தில் வரும்வரை தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள். கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம், தாமதத்தைத் திருப்ப முடியாது. சம்பளக் கணக்கை மாற்றும்போது எந்தெந்த ஆட்டோ டெபிட் அதில் ஓடுகிறது என்று பார்த்த பிறகு மாற்றுங்கள்.

பதிவே தவறு என்றால் நிலைமை வேறு. கட்டிய தவணையைக் கட்டவில்லை என்று போட்டிருந்தால், கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும்; தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம், கட்டணம் இல்லை.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண்காணித்துவிடலாம். அதில் தெரியாத பெயரில் ஒரு கடன் இருந்தால் பதறாமல், எப்போதோ வாங்கிய ஹெட்போனா என்று முதலில் யோசியுங்கள். பாக்கி இருந்தால் முழுதாகக் கட்டிவிடுங்கள். வசூலுக்கு வருபவர் ‘பாதி கட்டினால் போதும், முடித்துவிடலாம்’ என்பார். அதற்கு ஒப்புக்கொண்டால் அந்தக் கணக்கில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். அந்தச் சொல் அறிக்கையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இரண்டாயிரம் ரூபாய் பாக்கிக்கு அதை வாங்கிக்கொள்ளாதீர்கள்.