டிடி தொலைஞ்சுபோச்சா? பணம் எங்கேயும் போகலை, பேங்க்லதான் இருக்கு

டிடி தொலைஞ்சதும் நிறைய பேர் நினைக்கிறது, "பணம் போச்சு, பேங்க் மனசு வச்சா திரும்பக் கிடைக்கும்"னு. என் கருத்து நேர் எதிர். டிடி எடுத்த அன்னிக்கே உங்க அக்கவுன்ட்ல இருந்து பணத்தை எடுத்தாச்சு. யாரும் அதை மாற்றாத வரை அந்தத் தொகை பேங்க்கிடம்தான் இருக்கு, வட்டியும் இல்லாம. அதனால கவுன்டரில் கெஞ்ச வேண்டிய அவசியமே கிடையாது.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க. டிடி உங்க கையில இருக்கு, ஆனா தேதி முடிஞ்சுபோச்சுன்னா அது சின்ன வேலை. 2012 ஏப்ரல் 1-லிருந்து டிடி மூணு மாசம்தான் செல்லும். அதுக்கப்புறம் ஒரிஜினலையும் ஒரு கடிதத்தையும் கொடுத்து, தேதியைப் புதுப்பிச்சுக் கேட்கலாம்; இல்லைன்னா கேன்சல் பண்ணி அக்கவுன்ட்டில் வரவு வைக்கச் சொல்லலாம். டிடி வாங்கியவர்தான் இதைக் கேட்கணும். ஒரிஜினலே கையில இருக்கும்போது உறுதிப் பத்திரம் கேட்டா, எதுக்குன்னு தாராளமா கேளுங்க.

தொலைஞ்சதுன்னா கதை வேற. உதாரணத்துக்கு, தங்கையோட காலேஜ் ஃபீஸுக்கு 42,000 ரூபாய்க்கு டிடி எடுத்து கூரியரில் அனுப்புறீங்க. அது போய்ச் சேரவே இல்லை. அன்னிக்கே டிடி எடுத்த பிராஞ்சுக்குப் போங்க. டிடி நம்பர், தேதி, தொகை, யார் பேருக்கு, எந்த ஊரில் மாற்றத்தக்கது, இவ்வளவும் எழுதி, "தொலைந்துவிட்டது, டூப்ளிகேட் வேண்டும்"னு கடிதம் கொடுங்க. டிடி எடுத்தப்போ கொடுத்த கவுன்டர்ஃபாயில் இருந்தா அதன் நகலும் வைங்க. டிடி மாற்றப்பட்டாச்சா இல்லையான்னு பிராஞ்சிலேயே சிஸ்டத்தில் பார்த்துடலாம். 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள டிடி எல்லாம் அக்கவுன்ட் பேயீ கிராஸிங்கோடதான் வரும், அதனால வழியில எடுத்தவன் அதைக் காசாக்குறது சுலபமில்லை. அதுக்குக் கீழ்ன்னா கிராஸிங் இருந்ததான்னு கவனிச்சுக்கங்க.

இங்கதான் முக்கியமான விஷயம். கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்காம வெளியே வராதீங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி, கேட்ட நாளிலிருந்து பதினாலு நாளுக்குள்ள டூப்ளிகேட் கொடுக்கணும். தாமதமான நாட்களுக்கு, அந்தக் காலத்துக்கான ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியையும் பேங்க் தரணும். வாங்கியவரோ, யார் பேருக்கு எடுத்தோமோ அவரோ கேட்டா இது பொருந்தும். மூணாவது ஆளுக்கு எழுதி மாற்றிக் கொடுத்த டிடிக்குப் பொருந்தாது. இந்த விதியை எந்த கவுன்டரிலும் தானா சொல்லி நான் பார்த்ததில்லை. "ஹெட் ஆஃபீஸ்ல இருந்து வரணும் சார்"னு சொல்லிட்டு, நாளை எண்ணுற வேலையை நம்ம தலையில விடுறது எனக்குச் சரியாப் படலை.

செலவைப் பார்ப்போம். டிடி எடுத்தப்போ கொடுத்த கமிஷன் திரும்ப வராது. டூப்ளிகேட் கட்டணம் 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா, 18% ஜிஎஸ்டியோட 118. உங்க பேங்க் எவ்வளவு வாங்குதுன்னு அவங்க கட்டணப் பட்டியலில் பாருங்க. இதைவிடப் பெருசா கடிக்கிறது உறுதிப் பத்திரம்: பழைய டிடி பின்னாடி யாராவது மாற்றினா நஷ்டத்தை நான் ஏற்கிறேன்னு எழுதிக் கொடுக்கிறது. முத்திரைத்தாள் மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதுக்கு மேல டைப்பிங் செலவு. பேங்க் எந்த மதிப்புத் தாள் கேட்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வாங்குங்க. தொகை 5,000 ரூபாய் வரைன்னா, இந்தப் பத்திரத்தை வச்சே டூப்ளிகேட் தரலாம், மாற்ற வேண்டிய கிளையின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்னு விதியே இருக்கு.

இப்போ நம்ம 42,000-க்கு டூப்ளிகேட் வர 40 நாள் ஆச்சுன்னா, தாமதம் 26 நாள். வட்டி 3.5%னு எடுத்துக்கிட்டா சுமார் 105 ரூபாய். கட்டணத்தில் பெரும்பகுதி திரும்ப வந்துடும், கேட்டாத்தான்.

இடையில ஃபீஸ் கட்ட கடைசி நாள் வந்தா டூப்ளிகேட்டுக்காகக் காத்திருக்காதீங்க. வேற வழியில் கட்டிடுங்க, டூப்ளிகேட் வந்ததும் அதையே கேன்சல் பண்ணிப் பணத்தை வாங்கிக்கலாம். அதுக்குத் தனிக் கட்டணம் உண்டு. டிடி காலேஜ் கைக்குப் போய், அங்க தொலைஞ்சிருந்தா மட்டும் உங்க ஒரு கடிதம் போதாது. பணம் வரவாகலைன்னு அவங்ககிட்ட எழுதி வாங்கணும். ஏன்னா, பெற்றுக்கொண்டவர் கைக்குப் போன டிடியை "வேண்டாம், நிறுத்துங்க"ன்னு வாங்கியவர் தன் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. செக் மாதிரி இல்லை இது.

எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லைன்னா cms.rbi.org.in-ல் ஆம்புட்ஸ்மேனிடம் பதியலாம். அந்த சீல் போட்ட நகல்தான் அங்க கேட்பாங்க.

டூப்ளிகேட் வந்தப்புறம் பழைய டிடி எங்கேயாவது கிடைச்சா டெபாசிட் பண்ணிடாதீங்க, பிராஞ்சில் கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கதான்.